'உடனடியாக' என்றால் எத்தனை நாள்?

வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு மோட்டார் காப்பீட்டுப் பாலிசி இருந்தாக வேண்டும். அதன் பின்பக்க நிபந்தனைகளில் முதலாவதாக வருவது, இழப்போ சேதமோ நேர்ந்தால் நிறுவனத்துக்கு 'உடனடியாக' எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது. படிக்கும்போது இதில் குழப்பம் எதுவும் தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவுசெய்ய நம் உச்ச நீதிமன்றத்துக்கே பல ஆண்டுகள் பிடித்தன. 1995 ஜனவரியில் ஒரு கார் திருடுபோனது. உரிமையாளர் அந்த மாதமே போலீசில் புகார் கொடுத்துவிட்டார், காப்பீட்டு நிறுவனத்துக்கோ மே மாதம்தான் எழுதினார். 2010-இல் பர்வேஷ் சந்தர் சட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமதமாகத் தெரிவித்ததால் இழப்பீடு கிடையாது என்றது. 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதை மட்டும் வைத்துக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்றது. இரண்டும் முட்டிக்கொண்டதால் விஷயம் மூன்று நீதிபதிகளிடம் போனது. 2020 ஜனவரியில் குருஷிந்தர் சிங் வழக்கில் அவர்கள் முடிவு சொன்னார்கள். அந்த வழக்கில் திருடுபோனது ஒரு டிராக்டர். போலீசுக்கு அன்றே புகார் போனது, நிறுவனத்துக்கு 52 நாள் கழித்துத் தகவல் போனது. திருட்டைப் பொறுத்தவரை போலீசுக்கு உடனே சொன்னதே முக்கியம், நிறுவனத்துக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதம் உண்மையான கோரிக்கையைக் கொல்லாது என்று தீர்ப்பானது.

இந்த மூன்று தீர்ப்புகளில் எது சரி என்று வாதிடுவது என் நோக்கமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாலிசியில் அந்தச் சொல் மாறவே இல்லை. 1995-இல் கார் பறிகொடுத்தவரும் பின்னாளில் டிராக்டர் பறிகொடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தின் கீழ்தான் இருந்தார்கள். இருவரும் போலீசுக்கு உடனே போனவர்கள். ஒருவருக்குப் பணம் இல்லை, இன்னொருவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வரும் மங்கலான சொல்லைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது, 'அதற்குத் தெளிவான அர்த்தம் இல்லை' என்பது. அது பாதி உண்மைதான். அந்தச் சொல்லுக்கு ஒருநாள் மிகத் தெளிவான அர்த்தம் வந்தே தீரும். நஷ்டம் நடந்து முடிந்த பிறகு, ஒப்பந்தம் போட்டபோது அங்கே இல்லாத ஒருவர், பல வருஷம் கழித்து அதைக் கொடுப்பார் என்பதுதான் சிக்கல். ஆகவே ஒப்பந்த வரைவைப் படித்துக் குறிப்பெழுதுபவர் ஓரத்தில் 'தெளிவில்லை' என்று மட்டும் எழுதி வைத்தால் அவர் வேலை தொடங்கவே இல்லை என்பேன். இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லப்போவது யார், எந்த அளவுகோலை வைத்து, அந்தப் பொருள் நமக்கு எதிராகப் போனால் நம் கையிலிருந்து போவது எவ்வளவு: இந்த மூன்றும் அந்தக் குறிப்பில் இருந்தாக வேண்டும்.

காலத்தைக் குறிக்கும் சொற்களைவிட முயற்சியைக் குறிக்கும் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. ஆங்கில வரைவுகளில் 'ரீசனபிள் எஃபர்ட்ஸ்', 'பெஸ்ட் எண்டெவர்ஸ்' என்று வருபவை. தமிழில் எழுதினால் 'நியாயமான முயற்சி', 'இயன்றவரை முயற்சி' என்று ஆகும். காலச் சொல்லில் தெரியாமல் இருப்பது பெரும்பாலும் ஓர் எண்தான். முயற்சிச் சொல்லில் எவ்வளவு தூரம் போக வேண்டும், யார் காசில் போக வேண்டும், போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றுமே தெரியாது. இதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. 2005-இல் ஜெட்2 என்ற குறைந்த கட்டண விமான நிறுவனம் பிளாக்பூல் விமான நிலையத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. இருவரும் ஒத்துழைத்து ஜெட்2-வின் குறைந்த கட்டணச் சேவைகளை வளர்க்க 'பெஸ்ட் எண்டெவர்ஸ்' எடுப்பார்கள், அந்தக் கட்டணத்துக்கு ஏற்ற செலவு அமைப்பைத் தர விமான நிலையம் நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுக்கும் என்பது அதன் முதல் ஷரத்து. விமான நிலையத்தின் வழக்கமான நேரம் காலை 7 முதல் இரவு 9 வரை. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் விமானங்களை அனுமதிக்க வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை.

குறைந்த கட்டண நிறுவனங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்று புரியும். ஒரே விமானம் விடிவதற்கு முன் கிளம்பி, நாளெல்லாம் போய்வந்து, இரவில் வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் டிக்கெட் விலை குறையும். நான்கு ஆண்டுகளுக்கு மேல் விமான நிலையமும் மறுக்காமல் அந்த நேரங்களில் ஓடுபாதையைத் திறந்து வைத்தது. ஆனால் ஆட்களையும் தீயணைப்பு ஏற்பாட்டையும் அந்த நேரத்தில் வைத்திருப்பதற்குச் செலவாகிறது, நிலையம் நஷ்டத்தில் ஓடியது. 2010 அக்டோபரில் ஏழு நாள் அவகாசத்தில், இனி வழக்கமான நேரத்துக்கு வெளியே விமானம் வரவோ போகவோ கூடாது என்று சொல்லிவிட்டது. தங்கள் முயற்சியில் 'நியாயமான' என்ற எல்லை இருக்கிறது, சொந்த நஷ்டத்தில் இன்னொருவர் தொழிலை நடத்திக்கொடுப்பது நியாயத்துக்குள் வராது என்பது அவர்கள் வாதம். இதை வாசிக்கிற பலருக்கும் அது சரியாகத்தான் படும். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெட்2 பக்கம் தீர்ப்பளித்தது. சொந்தப் பண நலனை எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்தின் தன்மையையும் பொறுத்தது, இந்த ஒப்பந்தத்தின் உயிரே அந்த அதிகாலைப் பறப்புகள்தான், எனவே நஷ்டம் என்பதற்காக மட்டும் நிறுத்த முடியாது என்றார்கள் இருவர். மூன்றாமவர், ஒப்பந்தத்தில் இதை அளக்க எந்தக் கோலும் இல்லாதபோது இப்படி ஒரு கடமையைச் சுமத்த முடியாது என்றார். கற்றறிந்த மூன்று நீதிபதிகள் ஒரே ஷரத்தை ஒரே அறையில் படித்து இப்படிப் பிரிந்தார்கள். 'காலை 6 முதல் இரவு 11 வரை ஓடுபாதை திறந்திருக்கும், கூடுதல் நேரச் செலவு இன்னாருடையது' என்று 2005-இல் ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனையும் வேண்டியிருக்காது.

இவையெல்லாம் பெரிய இடத்து வழக்குகள், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆகவே இந்த முறையை நம் தெருவில் இருக்கிற ஓர் ஒப்பந்தத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். ஐந்து மாடி, நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கம் லிஃப்ட் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., போடுகிறது. ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய், உதிரிபாகம் உட்பட என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட படிவத்தில் இப்படி ஒரு வரி: 'பழுது குறித்துத் தகவல் வந்தால் நிறுவனம் விரைந்து கவனிக்கும், லிஃப்ட்டை இயங்கும் நிலையில் வைத்திருக்க நியாயமான முயற்சிகளை மேற்கொள்ளும்.' இப்போது ஒரு சனிக்கிழமை இரவு 8 மணிக்கு லிஃப்ட் நின்றுவிடுகிறது. திங்கள் காலை பத்தரைக்கு டெக்னீஷியன் வருகிறார், பேனலைத் திறந்து பார்க்கிறார், 'கன்ட்ரோல் கார்டு பழுது, மாற்ற வேண்டும்' என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். கார்டு வந்து லிஃப்ட் ஓடுவது பதினோராம் நாள், புதன்கிழமை. அதுவரை நான்காம் மாடி, ஐந்தாம் மாடி முதியவர்கள் வீட்டை விட்டு இறங்கவில்லை. கேள்வி இதுதான்: நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதா?

முதலில் 'விரைந்து'. இரவு எட்டிலிருந்து திங்கள் பத்தரை வரை கடிகாரக் கணக்கில் முப்பத்தெட்டரை மணி நேரம். நிறுவனத்தின் வேலை நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 என்றால், அவர்கள் கணக்கில் வெறும் ஒன்றரை மணி நேரம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, ஞாயிறு கணக்கில் உண்டா என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலச் சொல்லைப் பார்த்தவுடன் எண் எங்கே என்று கேட்பது எல்லோருக்கும் தோன்றும். 'நான்கு மணி நேரம்' என்று போட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். எதிலிருந்து நான்கு மணி நேரம் என்பது இல்லாவிட்டால் அந்த எண்ணும் மங்கல்தான். பாதுகாவலர் போன் செய்த நேரமா, நிறுவனம் புகார் எண் கொடுத்த நேரமா? அதற்கும் மேலே, அந்த வரியில் எல்லோர் கண்ணையும் ஏமாற்றுகிற சொல் 'விரைந்து' இல்லை, 'கவனிக்கும்' என்பது. ஆள் வந்து பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போனாலே கவனித்ததாகிவிடும். சங்கம் பணம் கொடுப்பது லிஃப்ட் ஓடுவதற்கு. ஒப்பந்தமோ ஆள் வருவதற்கு மட்டும்தான் காலம் சொல்கிறது. எனவே வினைச்சொல்லுக்கும் சேர்த்துத்தான் குறிப்பெழுத வேண்டும். அந்த ஓரக்குறிப்பை நான் இப்படி எழுதுவேன்: 'தொடக்க நேரமும் விடுமுறைக் கணக்கும் இல்லை, வருகைக்குக் காலம் இருக்கிறது, சரிசெய்வதற்கு இல்லை. தகராறு வந்தால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் நாம் போட்ட கையெழுத்தே நமக்கு எதிரான சாட்சி. மாற்று: சங்கம் போன் செய்த நேரத்திலிருந்து, ஞாயிறும் விடுமுறையும் உட்பட, 4 மணி நேரத்தில் ஆள், யாராவது உள்ளே சிக்கியிருந்தால் 45 நிமிடம், உதிரிபாகம் வேண்டாத பழுது 24 மணி நேரத்தில், வேண்டிய பழுது 5 நாளில் சரியாக வேண்டும்.'

அடுத்தது 'நியாயமான முயற்சி'. அந்தப் பதினொரு நாளில் நிறுவனம் என்ன செய்தது? தொழிற்சாலைக்கு ஆர்டர் போட்டது, வரும் வரை காத்திருந்தது. வேறு ஊர்க் கிளையில் அதே கார்டு இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். தற்காலிகமாக ஒரு கார்டைப் பொருத்தியிருக்கலாம். கூடுதல் செலவில் கூரியரில் வரவழைத்திருக்கலாம். இவற்றில் எத்தனையைச் செய்யாதது தவறு? இங்கேதான் பிளாக்பூலின் கேள்வி திரும்ப வருகிறது: யார் காசில்? அங்கே விமான நிலையம் சொன்ன அதே பதிலை இங்கே லிஃப்ட் நிறுவனமும் சொல்லும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முயற்சி நடந்தது என்பதற்கான ஆவணங்கள் எல்லாம் முயற்சி செய்தவரிடமே இருக்கும். ஆர்டர் போட்ட தேதி, கிளைகளுக்கு அனுப்பிய மின்னஞ்சல் எதுவும் சங்கத்தின் கண்ணில் படாது. முயற்சி போதவில்லை என்று சொல்ல வேண்டியவர்களிடம் அதற்கான சான்று ஒன்றும் இல்லை. ஆகவே குறிப்பு: 'முயற்சியின் அளவு, செலவு, சான்று மூன்றும் சொல்லப்படவில்லை, நிரூபிக்கும் சுமை நம்மேல் விழும், ஆவணமோ அவர்களிடம். மாற்று: நியாயமான முயற்சி என்பதில் குறைந்தபட்சம் இவை அடங்கும்: அதே நாளில் உதிரிபாக ஆர்டர், கிளைகளில் தேடல், விரைவு அஞ்சல் நிறுவனத்தின் செலவில், ஒவ்வொரு நாளும் சங்கத்துக்கு எழுத்தில் நிலவரம். ஏழாம் நாள் ஆகியும் ஓடாவிட்டால் சங்கம் வேறொருவரை வைத்துச் சரிசெய்து செலவைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும்.'

இதற்கு வரும் முதல் மறுப்பு அனுபவசாலிகளுடையது, அதில் உண்மையும் இருக்கிறது. எதிர்காலத்தை முழுதாக எழுதிவிட முடியாது, மங்கலான சொல்தான் எதிர்பாராததற்கும் இடம் கொடுக்கிறது என்பார்கள். ஜெட்2 வழக்கையே எனக்கு எதிராகக் காட்டலாம்: நேரத்தைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோதும் அந்தப் பரந்த சொல்தான் விமான நிறுவனத்தைக் காப்பாற்றியது. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மேலே உள்ள மாற்றில் 'நியாயமான முயற்சி' என்ற சொல்லை நான் வெட்டவில்லை, அதற்கு அடியில் ஒரு தரை போட்டேன், அவ்வளவுதான். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பட்டியல் போட்டுவிட்டால், பட்டியலில் இல்லாததைச் செய்ய வேண்டியதில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். குறிப்பான சொற்களின் வரிசையை வைத்தே பொதுவான சொல்லின் பொருளைச் சுருக்கிப் படிக்கும் வழக்கம் நீதிமன்றங்களில் உண்டு. அதனால் 'குறைந்தபட்சம்', 'இவற்றோடு நின்றுவிடாமல்' என்ற இரண்டும் அந்த வாசகத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, சட்டமே இடைவெளியை நிரப்பிவிடுமே என்பது. உண்மைதான், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தாராளமானது. 29-ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அங்கே வரும் எடுத்துக்காட்டு நூறு டன் எண்ணெய். என்ன எண்ணெய் என்று சொல்லாமல் விற்க ஒப்புக்கொண்டால் அது செல்லாது. ஆனால் விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால், நூறு டன் தேங்காய் எண்ணெய்க்கான ஒப்பந்தமாக அது நிற்கும். சூழலைப் பார்த்துப் பொருள் கொடுக்கச் சட்டம் தயார். 46-ஆம் பிரிவும், காலம் குறிக்காவிட்டால் நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் ஒரு பொருண்மைக் கேள்வி. பொருண்மைக் கேள்வி என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை, ஆவணம், வாய்தா. சட்டம் இடைவெளியை நிரப்பும், அதில் சந்தேகமில்லை. அறுபதாயிரம் ரூபாய் ஒப்பந்தத்துக்கு அந்த நிரப்பலை வாங்கும் செலவே ஒப்பந்தத் தொகையைத் தாண்டிவிடும். பெரும்பாலான சங்கங்கள் வழக்குக்கே போகாது, முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆண்டும் கையெழுத்துப் போடும். அதாவது நடைமுறையில் மங்கலான சொல்லின் பொருளை முடிவுசெய்வது நீதிபதி கூட இல்லை. காத்திருந்தாலும் கைநஷ்டம் இல்லாத தரப்பு எதுவோ அதுவே முடிவுசெய்கிறது. லிஃப்ட் ஒப்பந்தத்தில் அது கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்ட நிறுவனம்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. படிவம் அச்சிட்டது, ஒரு எழுத்தும் மாற்றமாட்டார்கள், நாற்பது வீட்டுச் சங்கம் எப்படிப் பேரம் பேசும்? பல நேரங்களில் இது உண்மை. காப்பீட்டுப் பாலிசியில் நாம் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அங்கே குறிப்பின் பயன் நம்மைத் திருத்திக்கொள்வது: 'உடனடியாக' என்பதற்கு எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய மிகக் கடுமையான பொருள் அன்றே என்பதுதான், எனவே போலீசுக்குப் போன அன்றே நிறுவனத்துக்கும் எழுதி, எழுதியதற்குச் சான்று வைத்துக்கொள்வது. 2020 தீர்ப்பு நமக்குச் சாதகம் என்று 52 நாள் இருந்து பார்ப்பது அந்தத் தீர்ப்பைப் படித்த முறையே அல்ல. லிஃப்ட் ஒப்பந்தத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும். விற்பனைக்கு வந்தவரிடம் 'விரைந்து என்றால் எவ்வளவு நேரம் சார்?' என்று கேட்டால், அநேகமாக 'நாலு மணி நேரத்துல ஆள் வந்துருவாங்க' என்பார். அந்தப் பதில் வாய்ச்சொல்லாக இருக்கும்வரை மதிப்பு குறைவு, ஏனென்றால் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை மாற்ற வாய்மொழிச் சாட்சியைச் சாட்சியச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. படிவத்தைத் தொடாமல் ஒரு பக்க இணைப்பில் அவர் சொன்னதையே எழுதி, படிவத்தோடு முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்று சேர்த்து, இருவரும் கையெழுத்திடலாம். தாங்களே சொன்னதை எழுதிக்கொடுக்க மறுக்கிறார்கள் என்றால், அதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொண்டது ஆதாயம்.

எண் போடுவதிலும் கணக்குப் பார்க்க வேண்டும். 'ஓடாத நாளுக்குக் கட்டணம் விகிதப்படி கழிக்கப்படும்' என்று ஒரு நிறுவனம் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்ளலாம். அறுபதாயிரத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 164 ரூபாய். பதினொரு நாளுக்கு ஏறத்தாழ 1,808 ரூபாய். ஒரு கார்டைக் கூரியரில் வரவழைக்கும் தொந்தரவைவிட அதைக் கொடுத்துவிட்டுப் போவது அவர்களுக்கு எளிது. தெளிவான எண், ஆனால் யாருடைய நடத்தையையும் மாற்றாத எண். ஐந்து நாள் தாண்டினால் நாளுக்கு ஆயிரம் என்றால் கதை வேறு. அதற்கும் எல்லை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். எனவே நாளுக்கு இருபதாயிரம் என்று மிரட்டி எழுதுவதில் பயனில்லை. முதியவர்களைத் தூக்கி இறக்க ஆள் வைத்த செலவு, மருத்துவமனைக்குப் போக வண்டியோடு உதவியாளர் வைத்த செலவு என்று காட்டக்கூடிய இழப்போடு பொருந்துகிற தொகையே நிற்கும். வழக்கில்லாமல் பலன் தருவது இன்னொன்று: கட்டணத்தை ஒரே தவணையாக முன்கூட்டிக் கொடுக்காமல் காலாண்டுக்கு 15,000 என்று பிரித்து, கழிவை அடுத்த தவணையில் எடுத்துக்கொள்ளும் உரிமை. அப்போது காத்திருந்தால் நஷ்டப்படும் தரப்பு மாறிவிடுகிறது.

எல்லா மங்கலான சொல்லையும் விரட்டிப் பிடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். அதே படிவத்தில் 'பரஸ்பர நல்லெண்ணத்துடன்' என்று ஒரு வரி இருக்கும், அதில் பணமோ காலமோ விலகும் உரிமையோ தொங்கவில்லை, விட்டுவிடலாம். 'லிஃப்ட் அறையைச் சங்கம் போதுமான அளவு சுத்தமாக வைத்திருக்கும்' என்று இன்னொரு வரி இருக்கும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். அதற்கு இரண்டு ஷரத்து தள்ளி, 'சங்கத்தின் பராமரிப்புக் குறைவால் வரும் பழுதுக்கு உதிரிபாகச் செலவு சங்கத்துடையது' என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். இருந்தால், கன்ட்ரோல் கார்டில் கொஞ்சம் தூசி படிந்திருந்தது என்று டெக்னீஷியன் எழுதும் ஒரு வரியில் முழுச் செலவும் இந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சிவப்புப் பேனாவை முதலில் எடுக்க வேண்டிய இடம் அந்தப் 'போதுமான'.